உதவி: கெத்தாவாங் புஸ்பவார்னாவில் கெனோங் 9இல் விழுகிறது, தாளில் 8 என்று இருக்கிறது

மாணவி_பார்கவி
உலக இசை அறிமுகப் பாடத்துக்காக, ஜாவாவில் கேமலான் என்னும் தாள வாத்தியக் குழுவின் கோங் சுழற்சியைக் கேட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். எடுத்திருப்பது புஸ்பவார்னா என்ற பாட்டு, கெத்தாவாங் என்பது அதன் சுழற்சி வடிவம். 1971இல் யோக்யகார்த்தாவின் பாக்குஆலாமான் அரண்மனையில் ராபர்ட் பிரவுன் பதிவு செய்தது, 1977இல் வாயேஜர் விண்கலத்தின் தட்டில் விண்வெளிக்குப் போனது. வகுப்பில் தந்த தாளில் ஒரு கோங்குக்கு 16 அடி, கெனோங் என்ற பானை வடிவ கோங் 8இலும் 16இலும், கெம்புல் என்ற சின்னத் தொங்கு கோங் 12இல் என்று இருக்கிறது. நான் எண்ணினால் கெனோங் 9இலும் கெம்புல் 13இலும் வருகிறது. இன்னொரு இடத்தில் ஒரு கோங்குக்கும் அடுத்ததற்கும் நடுவே 64 தட்டு எண்ணினேன். அப்புறம், ஒன்றுக்குள் ஒன்று பின்னும் பகுதி எது என்றும் புரியவில்லை.

தபேலா_குமார்
கோங்கை ஒன்று என்று எண்ணுகிறீர்கள், அதுதான் காரணம். அங்கே கோங் சுழற்சியின் கடைசி அடி. 64 கிடைத்த இடத்தில் வேகம் நான்கு மடங்கு ஏறியிருக்கும். பின்னல் என்றால் கோத்தேகான். உங்கள் பதிவிலும் இருக்கும், கூர்ந்து கேளுங்கள்.

கீபோர்டு_செந்தில்
எனக்கும் கேமலானில் பிரச்சினை. ஸ்லெந்த்ரோ என்ற ஐந்து சுர வரிசையின் சுரங்களை ட்யூனரில் வைத்தால் எதுவும் பொருந்தவில்லை. கீபோர்டில் எப்படி வாசிப்பது?

சரோன்_மாமி
செந்தில் தம்பி, அது சுரத்தானம் பற்றிய கேள்வி, தனி இழையில் போடுங்கள். ஒவ்வொரு கேமலான் தொகுதிக்கும் சுருதி கொஞ்சம் மாறும், அதனால் கீபோர்டின் சுரங்களோடு ஒட்டாது.

பார்கவி, முதல் விஷயத்தில் குமார் சொன்னது சரி. நம் கைகளுக்கு சமத்தில் தொடங்கிப் பழக்கம். ஜாவாவில் எடை முழுவதும் முடிவில் விழுகிறது. கோங்குக்கு அடுத்த அடியை 1 என்று வைத்தால் உங்கள் 9 எட்டாகும், 13 பன்னிரண்டாகும். 16இல் கோங்கும் கெனோங்கும் சேர்ந்து ஒலிக்கும், 8இல் கெனோங் மட்டும். இரண்டையும் பிரித்தறிய அதுவே வழி.

64 பற்றி: வேகம் ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. அடிகள் விலகிப் போக, நடுவிலுள்ள இடத்தைச் சின்ன வாத்தியங்கள் இன்னும் நெருக்கமாகத் தட்டி நிரப்பும். இதை இரமா என்பார்கள். இரமா தாடி என்ற மெதுவான நிலையில், பெகிங் என்ற சின்னத் தகடு வாத்தியம் ஓர் அடிக்கு நான்கு முறை தட்டும். 16 அடிக்கு 64. நீங்கள் எண்ணியது பெகிங்காகத்தான் இருக்கும். ஸ்லெந்தெம் என்ற கனத்த தகடு வாத்தியத்தை நம்பினாலும் சிக்கல், ஒம்பாக் என்ற தொடக்கப் பகுதியில் அது இரட்டைப்படை அடிகளில் மட்டும் விழும், 8தான் கிடைக்கும். மங்கிய, அதிர்வில்லாத "டுக்" என்று ஒலிக்கும் கெத்துக்கைப் பிடியுங்கள். 2, 6, 10, 14இல் வரும். அதன் இரு பக்கமும் மெல்லிய கெம்ப்யாங். ஒரு கோங்குக்கு நான்கு கெத்துக் வந்தால் உங்கள் எண்ணிக்கை சரி.

```
அடி       1 2 3 4 5 6 7 8 9 10 11 12 13 14 15 16
கெம்ப்யாங் x . x . x . x . x .  x  .  x  .  x  .
கெத்துக்   . x . . . x . . . x  .  .  .  x  .  .
கெம்புல்   . . . . . . . . . .  .  x  .  .  .  .
கெனோங்    . . . . . . . x . .  .  .  .  .  .  x
கோங்      . . . . . . . . . .  .  .  .  .  .  x
```

கோத்தேகான் பாலியின் வழக்கம், அதை இந்தப் பதிவில் தேடாதீர்கள். இங்கே கேட்பது அடுக்குகள்: ஒரே பாட்டை ஒவ்வொருவர் ஒவ்வொரு நெருக்கத்தில் வாசிக்கிறார்கள்.

ரமேஷ்_ஹெட்போன்
ஒன்று சேர்க்கிறேன். போனின் ஸ்பீக்கரில் பெரிய கோங் எனக்குக் கேட்கவே இல்லை, அவ்வளவு கனத்த ஒலி. ஹெட்போன் மாட்டியதும்தான் சுழற்சி எங்கே முடிகிறது என்று பிடிபட்டது.

மாணவி_பார்கவி
கெத்துக்கைப் பிடித்து எண்ணினேன், நான்கு சரியாக வருகிறது. நன்றி மாமி. பாலியில் பின்னல் எப்படி இருக்கும், ஒரு சின்ன மாதிரி தர முடியுமா?

சரோன்_மாமி
மூன்று சுரத்தில் பயிற்சிக்காக நான் கட்டியது, பொலோஸும் சங்சியும் இரண்டு பேர் வாசிக்கும் பங்குகள்:

```
பொலோஸ்   1 2 . 1 2 . 2 .
சங்சி     . 2 3 . 2 3 2 3
கேட்பது   1 2 3 1 2 3 2 3
```

பொலோஸுக்குக் கீழ் இரண்டு சுரம், சங்சிக்கு மேல் இரண்டு, நடுச்சுரம் இருவருக்கும் பொது. தனியாக ஒருவரால் அடிக்க முடியாத வேகத்தில் இது ஓடும். வகுப்பில் செய்து பார்த்தால் பெரும்பாலும் கெடுவது சுத்தியல் கை அல்ல, இடது கை. அடித்த தகட்டை அடுத்த அடி விழும்போதே அழுத்தி ஒலியை நிறுத்த வேண்டும். விட்டால் உங்கள் 2 அவருடைய 3இன் மேல் படர்ந்து, பின்னல் வெறும் இரைச்சலாகிவிடும்.

தபேலா_குமார்
சரி மாமி, கோத்தேகானை ஜாவாவோடு சேர்த்துவிட்டேன். ஒரு சந்தேகம்: 8க்கும் 16க்கும் நடுவில் 12இல் வருவது போல, 4லும் கெம்புல் வர வேண்டாமா? ஏன் காலி?

சரோன்_மாமி
பெரிய கோங்கின் ஒலி அதுவரை தொடர்வதால், கெம்புல் அதைக் கலைக்கக் கூடாது என்று விட்டதாகச் சொல்வார்கள். லஞ்சாரான் என்ற இன்னொரு சுழற்சி வடிவத்திலும் கோங்குக்குப் பின் வரும் முதல் கெம்புல் இடம் காலிதான்.

மாணவி_பார்கவி
ஆனால் வேகம் இறங்கிய பிறகு நாலாவது அடிக்குள் கோங் நன்றாகவே அடங்கிவிடுகிறதே. அப்போதும் காலியாகத்தான் விடுகிறார்கள்.

சரோன்_மாமி
உண்மை. அந்தக் காரணம் வேகமான பகுதிக்குத்தான் முழுதாகப் பொருந்துகிறது. மெதுவான பகுதிக்கு இதைவிட நல்ல விளக்கம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.