இரண்டு தவணை போட்டும் கொரோனா வந்ததே, ஊசி என்ன செய்தது?

பாபநாசத்துக்காரன்
2022 ஜனவரியில் எங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் கொரோனா வந்தது. நால்வருமே இரண்டு தவணை கோவிஷீல்டு போட்டவர்கள். மருத்துவமனையில் படுத்திருந்தவர்களிலும் பாதிக்கு மேல் ஊசி போட்டவர்கள்தாம் என்றார்கள். தடுக்காத ஊசிக்குத் தடுப்பூசி என்று ஏன் பெயர்?

வலங்கைமான் விவசாயி
ஊசியின் வீரியம் ஆறு மாதத்தில் போய்விடுகிறது, அவ்வளவுதான் காரணம். பயிருக்கு மறுமருந்து அடிப்பதைப் போல ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே இருந்தால் வரவே வராது.

வடுவூர் செவிலியர்
விவசாயி ஐயா சொல்வதில் பாதி உண்மை. ஊசி போட்டதும் இரத்தத்தில் ஏறும் எதிர்ப்பொருள் சில மாதங்களில் இறங்கிவிடும். மறுதவணை அதை மீண்டும் ஏற்றும், அதுவும் சில மாதங்களுக்கே. ஆனால் அந்த எதிர்ப்பொருளைத் தயாரிக்கக் கற்றுக்கொண்ட நினைவு செல்கள் அதோடு அழிந்துவிடுவதில்லை.

கையில் போடும் ஊசி மூக்கின் ஈரச் சவ்வில் காவலை மிகக் குறைவாகவே நிறுத்துகிறது. ஒமைக்ரான் அந்தச் சவ்வில் இரண்டு மூன்று நாளில் பெருகிக் காய்ச்சலையும் தொண்டை வலியையும் கொண்டுவந்துவிட்டது. உறங்கிக்கிடக்கும் நினைவு செல்கள் விழித்துப் பெருகுவதற்கோ நான்கைந்து நாளாவது வேண்டும். ஆகவே மூக்கில் கிருமி முந்திக்கொள்கிறது. நுரையீரல் கெடுவது பெரும்பாலும் அறிகுறி தொடங்கி ஒரு வாரத்தை ஒட்டித்தான். அதற்குள் உடல் தயாராகிவிடுகிறது.

என் மாமனாருக்கு 71 வயது, சர்க்கரை நோயாளி. அதே ஜனவரியில் அவருக்கு மூன்று நாள் நல்ல காய்ச்சல். காலையும் மாலையும் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்தேன். எட்டாம் நாள்தான் எனக்குப் பயம், அன்றும் 96-க்குக் கீழே இறங்கவில்லை. 2021 மே மாதத்தில், ஊசி போடாதிருந்த பலருக்கு அந்த எட்டாம் நாளில்தான் படுக்கை தேடி அலைந்தோம்.

பாபநாசத்துக்காரன்
ஒமைக்ரானே சாதுவான கிருமி. அந்தப் பெருமையை ஊசிக்குக் கொடுக்கிறீர்கள். மருத்துவமனைக் கணக்குக்கும் பதில் வரவில்லை.

கும்பகோணம் கணக்கு வாத்தியார்
ஒரு கற்பனைக் கணக்கு வைத்துக்கொள்வோம். ஓர் ஊரில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 1,000 பேர். அவர்களில் 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். போடாதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் மருத்துவமனைக்குப் போனால் 10 பேர். போட்டவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் போனால் 18 பேர். படுத்திருக்கும் 28 பேரில் 18 பேர் ஊசி போட்டவர்கள், ஆனால் ஆபத்து ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. அந்த 900 பேரும் போடாமலிருந்தால் அவர்களில் மட்டும் 90 பேர் போயிருப்பார்கள். ஊரே ஊசி போட்டிருந்தால் படுத்திருப்பவர் அத்தனை பேரும் ஊசி போட்டவர்களாகத்தான் இருப்பார்கள், தம்பி.

பாபநாசத்துக்காரன்
கணக்குச் சரி. ஆனால் படுக்கையாகக் கிடக்கும் முதியவர்களை ஊசி போட அழைத்துப் போகாத வீடுகள் உண்டு. போடாதவர்கள் முன்பே நலிந்தவர்கள் என்றால் ஒப்பீடே சாய்ந்துவிடுமே?

வடுவூர் செவிலியர்
நியாயமான கேள்வி, மருத்துவமனைக் கணக்கை மட்டும் வைத்து அதைத் தீர்க்க முடியாது. அதற்காகத்தான் முதல் ஆய்வுகளில் யாருக்கு இந்த ஊசி, யாருக்கு உப்பு நீரோ வேறு நோய்க்கான ஊசியோ என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். நலிந்தவர்கள் ஒரே பக்கம் குவிய வழியில்லை. ஒமைக்ரான் சாது என்பதற்கு 2022 பிப்ரவரி, மார்ச் மாதங்களின் ஹாங்காங்கைப் பாருங்கள். அதே ஒமைக்ரான் அங்கே ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஊசியை முழுமையாகப் போடாத முதியவர்கள்.

கொரடாச்சேரி வாசகி
என் தம்பிக்குச் சிறுநீரக மாற்று அறுவை செய்திருக்கிறது. மூன்று தவணை போட்டும் அவனுக்கு ஆக்சிஜன் வைக்க வேண்டியதாயிற்று. அவனுடைய நினைவு செல்கள் எங்கே போயின?

வடுவூர் செவிலியர்
அக்கா, மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஒதுக்காமலிருக்க அவர் தினமும் சாப்பிடும் மாத்திரைகள் அந்தச் செல்களையும் அடக்கிவைக்கின்றன. ஊசி போட்டும் அவருக்குப் பாடம் அரைகுறையாகவே பதிந்திருக்கும். நான் மேலே சொன்னது அவருக்கு முழுமையாகப் பொருந்தாது. அடுத்த முறை காய்ச்சல் வந்தால் எட்டாம் நாளுக்குக் காத்திருக்காமல் முதல் நாளே அவருடைய சிறுநீரக மருத்துவரிடம் போங்கள். ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினால் இரவானாலும் கிளம்பிவிடுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பாபநாசத்துக்காரன்
நுரையீரல் வரை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஊரில் ஊசி போடும்போது எங்களிடம் "வராது" என்றுதான் சொன்னார்கள், "வந்தாலும் மோசமாகாது" என்று சொல்லவில்லை.

வடுவூர் செவிலியர்
நானும் அப்படிச் சொல்லித்தான் பலருக்குப் போட்டேன், ஐயா.