ஒரே ரீஃபண்ட் இரண்டு முறை போனது: வரிசைச் செய்தி திரும்பி வந்தால் என்ன செய்கிறீர்கள்?

செல்வி (பொங்கோல்)

சிராங்கூன் சாலையில் கடை வைத்து, இணையத்திலும் பலகாரம் விற்கும் ஒரு வியாபாரியின் மென்பொருளை எங்கள் குழு கவனித்துக்கொள்கிறது. தீபாவளி முடிந்த வாரத்தில் உடைந்த டின், வந்து சேராத பெட்டி என்று ரீஃபண்ட் கோரிக்கைகள் குவியும். அந்த வாரத்தில் ஓர் இரவு, 24 வெள்ளி பெற வேண்டிய வாடிக்கையாளருக்கு 48 வெள்ளி போய்விட்டது. அவரே அழைத்துச் சொன்னதால்தான் தெரிந்தது. அழைக்காதவர்கள் எத்தனை பேர் என்று தேடியபோது மேலும் சிலர் அகப்பட்டார்கள்.

ரீஃபண்ட் வேலைகள் அமேசானின் எஸ்.கியூ.எஸ். சாதாரண வரிசை வழியாகப் போகின்றன. ஒரு வொர்க்கர் செய்தியை எடுத்தால் அது 30 விநாடி மற்றவர்கள் கண்ணில் படாது. அதற்குள் வேலையை முடித்து, வொர்க்கர் செய்தியை அழித்துவிட வேண்டும். அழிக்காவிட்டால் செய்தி மீண்டும் வரிசையில் தோன்றும். 30 விநாடி என்பது தானாக அமையும் அளவு. அதை யாரும் மாற்றியிருக்கவில்லை. பணம் செலுத்தும் சேவை வழக்கமாக இரண்டு விநாடியில் பதில் தரும். அன்றிரவு 40 விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டது. முதல் வொர்க்கர் பதிலுக்குக் காத்திருக்கும்போதே செய்தி திரும்பி வந்தது. இரண்டாவது வொர்க்கர் அதை எடுத்து, அதே ரீஃபண்டை மறுபடியும் கேட்டது. இரண்டு கோரிக்கைகளும் வெற்றி.

நான் சொல்ல விரும்புவது இனிமேல்தான் இருக்கிறது. "ஏற்கெனவே கொடுத்தாயிற்றா?" என்று தரவுத்தளத்தில் பார்க்கும் வரி அந்த நிரலில் இருந்தது! இரண்டாவது வொர்க்கரும் பார்த்தது. ஆனால் முதல் வொர்க்கர் பதில் வந்த பிறகுதான் 'done' என்று எழுதும். அதனால் இரண்டாவது பார்த்த நேரத்தில் அங்கே எதுவும் இல்லை. முதலில் பார்த்து, பிறகு செய்து, கடைசியில் எழுதினால், நடுவில் இருக்கும் அந்த 40 விநாடிக்குக் காவல் கிடையாது.

இப்போது வேலையைத் தொடும் முன்பே உரிமை கோருகிறோம். தரவுத்தளம் போஸ்ட்கிரஸ், `refund_id` பத்தி முதன்மைச் சாவி.

```sql
INSERT INTO refund_jobs (refund_id, status, locked_until)
VALUES ($1, 'started', now() + interval '2 minutes')
ON CONFLICT (refund_id) DO UPDATE
SET locked_until = now() + interval '2 minutes'
WHERE refund_jobs.status = 'started'
  AND refund_jobs.locked_until < now()
RETURNING refund_id;
```

இந்தக் கட்டளைக்கு ஒரு பதிவு திரும்பி வந்தால் வேலை நமக்கு. எதுவும் வராவிட்டால், ஒன்று வேலை முடிந்திருக்கும், அல்லது வேறொருவர் கையில் இருக்கும். இரண்டு வொர்க்கர்கள் ஒரே கணத்தில் கேட்டாலும் ஒன்றுக்குத்தான் கிடைக்கும்.

இதில் எனக்கு இன்னும் உறுத்தும் இடம் ஒன்று உண்டு. பணத்தை அனுப்பிவிட்டு, 'done' என்று எழுதும் முன் வொர்க்கர் செத்துவிட்டால்? இரண்டு நிமிடத்தில் பூட்டு காலாவதியாகும், அடுத்த வொர்க்கர் மறுபடியும் அனுப்பும். நீங்கள் பார்த்த அனுபவங்களைச் சொல்லுங்கள்.

ஃபாரூக் (உட்லண்ட்ஸ்)

இவ்வளவு நிரல் எதற்கு? வரிசையை ஃபிஃபோ வகைக்கு மாற்றுங்கள். இரட்டைச் செய்தியை அதுவே தள்ளிவிடும். எங்கள் கிடங்கு மென்பொருளில் அப்படித்தான் செய்தோம். ஒரே சரக்கு இரண்டு முறை பதிவாவது அன்றோடு நின்றது.

இராகவன் (தோ பாயோ)

ஃபாரூக் தம்பி, உங்களுக்கு நின்றது உண்மையாகத்தான் இருக்கும். உங்கள் நோய் வேறு. ஃபிஃபோ வரிசை தடுப்பது, அனுப்புகிறவர் ஒரே செய்தியை 5 நிமிடத்துக்குள் இரண்டு முறை உள்ளே போடுவதை. செல்விக்கு நடந்தது வெளியே எடுக்கும் பக்கத்தில். 30 விநாடிக்குள் அழிக்காவிட்டால் ஃபிஃபோ வரிசையும் அதே செய்தியைத் திரும்பக் கொடுக்கும்.

எந்த நோய் என்பதை லாக் சொல்லிவிடும். எடுத்த ஒவ்வொரு செய்திக்கும் `MessageId`, `ApproximateReceiveCount` இரண்டையும் எழுதி வையுங்கள். இரண்டு முறை நடந்த வேலையில் `MessageId` ஒன்றே, எண்ணிக்கை மட்டும் 1, 2 என்று ஏறியிருந்தால் வரிசை திரும்பக் கொடுத்திருக்கிறது. `MessageId` வேறு வேறு, இரண்டிலும் எண்ணிக்கை 1 என்றால் அனுப்பியவரே இரண்டு முறை போட்டிருக்கிறார். பொத்தானை இருமுறை அழுத்தியிருப்பார்கள், அல்லது அனுப்பும் நிரல் பதில் வராமல் மீண்டும் முயன்றிருக்கும். இதனால்தான் `MessageId`யை அடையாளமாக வைத்துத் தடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இரண்டாவது நோய்க்கு அது உதவாது. செல்வி `refund_id` வைத்திருப்பது சரி.

உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். அந்த ஓட்டையை உங்கள் தரவுத்தளத்தால் மட்டும் அடைக்க முடியாது. பணம் நகர்வது இன்னொருவருடைய கணினியில். அதை உங்கள் 'done' வரியோடு ஒரே பரிவர்த்தனையாகக் கட்ட வழியில்லை. ஆகவே எதிர்ப்பக்கமும் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். பெரும்பாலான கட்டணச் சேவைகள் கோரிக்கையோடு ஒரு சாவியை ஏற்கின்றன. ஸ்டிரைப்பில் அது `Idempotency-Key` என்ற தலைப்பில் போகும். அதே சாவியோடு மறுபடி வந்தால் பணத்தை நகர்த்தாமல் முதல் பதிலையே திரும்பத் தரும். உங்கள் `refund_id`யையே சாவியாக அனுப்புங்கள். வொர்க்கர் செத்து இன்னொன்று தொடர்ந்தாலும் வாடிக்கையாளருக்கு 24 வெள்ளிதான் போகும். பூட்டு நெரிசலைக் குறைக்கும்; காப்பது சாவி. முதல் வொர்க்கர் சாகாமல் வெறுமனே இரண்டு நிமிடம் உறைந்து கிடந்தால்கூட இரண்டும் சேர்ந்து கேட்கும், அப்போது பூட்டு உதவாது.

இன்னொன்றை எல்லோரும் சரிபாருங்கள். உரிமை கிடைக்காத வொர்க்கர் செய்தியை என்ன செய்கிறது? நிலை 'done' என்றால் அழிக்கலாம். 'started' என்றால் அழிக்கவே கூடாது. அழித்த பிறகு முதல் வொர்க்கர் செத்தால் அந்த ரீஃபண்டை யாரும் தொட மாட்டார்கள். இரட்டைப் பணத்துக்குப் புகார் வராமல் போகலாம். வராத பணத்துக்காக ஒரு மனிதர் காத்துக்கொண்டிருப்பார்.

கமலா (ஜூரோங் வெஸ்ட்)

எங்களுக்கும் இதே தொல்லை. அம்மா வீட்டிலிருந்து உணவு விநியோகத் தொழில் நடத்துகிறார். இணையத்தில் வரும் ஆர்டர் சமையலறை அச்சுப்பொறியில் சீட்டாக வரும். ஒரு சனிக்கிழமை 40 பேருக்கான பிரியாணிச் சீட்டு இரண்டு முறை அச்சாகி, இரண்டு அண்டா ஏற்றிவிட்டார்கள். அச்சுப்பொறியில் காகிதம் முடிந்து நின்றது, மாற்றியதும் மறுபடி வந்தது. அச்சுப்பொறியை மாற்றினால் போதுமா?

இராகவன் (தோ பாயோ)

கமலா, அச்சுப்பொறி தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. முதல் சீட்டு முழுதாக வெளியே வந்ததா, பாதியில் காகிதம் தீர்ந்ததா என்பது அனுப்பிய நிரலுக்குத் தெரியாது. சந்தேகத்தில் மறுபடி அனுப்புகிறது. அச்சுப்பொறிக்குச் சாவியைப் புரிந்துகொள்ளும் அறிவு கிடையாது. ஆகவே புரிந்துகொள்ள வேண்டியவர் சமையல்காரர். இரண்டாவது முயற்சியில் வரும் சீட்டின் தலையில் 'மறு அச்சு' என்றும் ஆர்டர் எண்ணையும் பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள். அந்த எண் சுவரில் ஏற்கெனவே தொங்கினால் அண்டா ஏற வேண்டாம்.

தினேஷ் (தெம்பனிஸ்)

சாவிக்கு ஆயுள் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் முடிந்த வேலைகளின் அடையாளத்தை ரெடிஸில் 24 மணி நேரம் வைத்திருந்தார்கள். சீனப் புத்தாண்டுக்கு முந்திய மாலை சில செய்திகள், பணம் போன பிறகு வேறொரு பிழையில் சிக்கி, தோல்விச் செய்திகளுக்கான தனி வரிசைக்குப் போயின. விடுமுறை முடிந்து வந்தவர்கள் அவற்றை அப்படியே முதன்மை வரிசைக்குத் திருப்பிவிட்டார்கள். ரெடிஸில் எந்த அடையாளமும் மிஞ்சியிருக்கவில்லை. எல்லாம் இரண்டாவது முறை போனது.

எஸ்.கியூ.எஸ். ஒரு செய்தியை 14 நாள் வரை வைத்திருக்க முடியும். நம் அடையாளம் அதைவிட நீண்ட காலம் வாழ வேண்டும். ஸ்டிரைப்பும் 24 மணி நேரம் கடந்த சாவிகளை நீக்கிவிடலாம் என்றே எழுதியிருக்கிறது. எனவே பழைய செய்தியைத் திருப்பிவிடும் முன், அந்த ரீஃபண்ட் ஏற்கெனவே இருக்கிறதா என்று சேவையிடமே கேட்டுவிட வேண்டும்.

ஃபாரூக் (உட்லண்ட்ஸ்)

இராகவன் அண்ணா, லாக் பார்த்தேன். எங்களுடையது அனுப்பும் பக்கத்துக் கோளாறுதான். அப்படியானால் தனியாக `refund_id` உருவாக்காமல், ஆர்டர் எண்ணையும் தொகையையும் சேர்த்தே சாவியாக்கலாமே? பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒரே சாவிதான் வரும்.

செல்வி (பொங்கோல்)

அதை நாங்கள் முதலிலேயே விலக்கினோம், ஃபாரூக். ஒருவர் 12 வெள்ளி முறுக்கு டின் இரண்டு வாங்குகிறார். காலையில் ஒன்று உடைந்ததாகச் சொல்கிறார், 12 வெள்ளி தருகிறோம். மாலையில் இரண்டாவதைத் திறந்தால் அதுவும் உடைந்திருக்கிறது. அதே ஆர்டர், அதே தொகை, ஆனால் நியாயமான இரண்டாவது ரீஃபண்ட். உங்கள் சாவி அதைத் திருட்டுத்தனமாகத் தடுத்துவிடும். கடை ஊழியரின் திரையில் ரீஃபண்ட் படிவம் திறக்கும்போதே `refund_id` உருவாகட்டும். அந்தப் படிவத்தை எத்தனை முறை அனுப்பினாலும் ஒரே எண். புதிய படிவத்துக்குப் புதிய எண்.

இராகவன் அண்ணா சொன்னதைப் பார்த்து எங்கள் நிரலைத் திறந்தேன். 'started' நிலையிலும் செய்தியை அழிக்கும் வரி இருந்தது, இன்று எடுத்துவிட்டோம். சாவியும் அனுப்பத் தொடங்கிவிட்டோம்.

மிச்சம் இருப்பது குறுஞ்செய்தி. "உங்கள் பணம் திருப்பி அனுப்பப்பட்டது" என்று போகும் செய்திக்கு நாங்கள் பயன்படுத்தும் சேவை எந்தச் சாவியையும் ஏற்பதில்லை. அனுப்பும் முன் குறித்தால் சிலருக்குச் செய்தி போகாமல் போகலாம். அனுப்பிய பின் குறித்தால் சிலருக்கு இருமுறை போகும்.

தினேஷ் (தெம்பனிஸ்)

இருமுறை போகட்டும், ஆர்டர் எண்ணோடு போகட்டும். செய்தியே வராதவர்தான் கடைக்கு அழைத்துக் கவலைப்படுவார்.

இராகவன் (தோ பாயோ)

அதில் எனக்கு உடன்பாடில்லை. பணம் பற்றிய குறுஞ்செய்தி இரண்டு முறை வந்தால் மோசடியோ என்று பயப்படும் முதியவர்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். நான் முன்னதாகக் குறித்துவிட்டு, போகாதவர்களுக்கு மின்னஞ்சலை நம்புவேன். கடைக்காரரிடமே கேளுங்கள், செல்வி. எந்த அழைப்பை ஏற்பது அவருக்குச் சுலபம் என்று அவர் சொல்லட்டும்.