கட்டிலில் புரண்டால் ஒரு பக்கம் மட்டும் குத்தும் இடுப்பு வலி

மலையோரம், குலசேகரம்:
எனக்கு 43 வயது, ரப்பர் பால்வெட்டுத் தொழில். மழை விட்ட ஒரு காலையில் வலது கையில் பால் நிறைந்த வாளியோடு சரிவில் இறங்கும்போது, சருகு மூடிக் கிடந்த குழியில் இடது கால் சட்டென்று இறங்கிவிட்டது. கீழே விழவில்லை. மீதி மரத்துப் பாலையும் எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

இரவில்தான் தெரிந்தது. மல்லாந்து அசையாமல் கிடந்தால் ஒன்றும் இல்லை. வலப்பக்கம் புரள இடது காலைத் தூக்கிப் போட்டதும் இடுப்புக்குக் கீழே ஒரே குத்து. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பாதி திரும்பிய நிலையிலேயே கிடப்பேன், மனைவி தோளைத் தள்ளிவிடுவாள். நடந்தால்கூட சமாளிக்கலாம், பஸ் படியில் இடது காலை வைத்து ஏறத்தான் முடியாது.

எம்ஆர்ஐ எடுத்தார்கள். எல்4–எல்5 டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது என்று மூன்று வாரம் அதற்கே வைத்தியம். ஒரு மாற்றமும் இல்லை. பிறகு ஒரு பிசியோ அம்மா, "எங்கே வலிக்குதுன்னு ஒரே விரலால காட்டுங்க" என்றார். இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் என் விரல் ஒரே இடத்துக்குத்தான் போனது: முதுகுத் தண்டில் இல்லை, அதற்கு இடப்பக்கம், பிட்டத்துக்கு மேலே சின்னதாகக் குழி விழுமே, அதன் ஓரம். முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேருகிற எஸ்ஐ மூட்டு அங்கேதான் இருக்கிறது என்றார். உங்களில் யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

கடலோரத்தான், முட்டம்:
அண்ணே, இது சயாட்டிகாதான், எனக்கும் இருந்தது. வெறும் தரையில் படுங்க, பெல்ட்டை வயிற்றோடு இறுக்கிக் கட்டுங்க. வலை இழுக்கிற எங்களுக்கெல்லாம் அதுதான் மருந்து.

நாகர்கோவில் பிசியோ:
பெல்ட் உதவும், ஆனால் வயிற்றில் கட்டினால் இந்த மூட்டுக்குப் பிடிப்பு கிடைக்காது. தொடை தொடங்கும் இடத்தில் பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் எலும்புக்குச் சற்று மேலே, இடுப்பெலும்பைச் சுற்றிக் கட்ட வேண்டும். கட்டியதும் வலி கூடினால் கழற்றிவிடுங்கள். சயாட்டிகா என்றால் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே வரை இழுக்கும், பாதம் மரத்துப்போகும். எஸ்ஐ வலி பிட்டத்திலும் தொடையின் பின்பக்கத்திலும் நின்றுவிடுவதே வழக்கம். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. சிலருக்கு இதுவும் கீழே இறங்கும்.

அந்த அம்மா வேறு ஏதாவது சோதித்தாரா?

மலையோரம்:
சோதித்தார். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கித் தொடையை நேராகக் கட்டிலை நோக்கி அழுத்தினார். அதே குத்து வந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்து இடுப்பெலும்பை மேலிருந்து அழுத்தினார், கவிழ்ந்தபோது நடு எலும்பை அழுத்தினார். இரண்டிலும் அதே வலி.

நாகர்கோவில் பிசியோ:
ஒரு சோதனையில் வலித்தால் போதாது. மூன்றிலாவது உங்களுக்குப் பழகிய அதே வலி வந்தால்தான் இந்த மூட்டைச் சந்தேகிப்போம். அப்போதும் அது பலமான சந்தேகம்தான். படம் பார்த்து மூட்டுக்குள் மரப்பு ஊசி போட்டு வலி அடங்குகிறதா என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும், எல்லோருக்கும் அது தேவைப்படாது. டிஸ்க் பிதுக்கம் வலியே இல்லாதவர்கள் படத்திலும் தெரியும். உங்களுக்கு அதற்கு எந்தப் பங்கும் இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன்.

தக்கலை அக்கா:
எனக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இதே வலி. பிள்ளையை ஒரே இடுப்பில் தூக்கிவைப்பேன். அது கிட்னிக் கல்லா என்று ஸ்கேன்கூட எடுத்தேன். நீங்கள் எப்படிப் புரளுகிறீர்கள், தம்பி?

மலையோரம்:
அதுதான் எனக்கு உண்மையாகவே கைகொடுத்தது, அக்கா. முதலில் இரண்டு முழங்காலையும் மடக்குவேன். நடுவில் தலையணை வைத்து இறுக்கிக்கொள்வேன். வயிற்றை லேசாக இறுக்கி, தோளும் இடுப்பும் முழங்காலும் ஒரே கட்டையாகத் திரும்ப வேண்டும். முன்பு ஒரு காலை நீட்டி மற்றதைத் தூக்கிப் போடுவேன். அப்போது இடுப்பின் இரண்டு பாதியும் வேறுவேறு பக்கம் முறுகி மூட்டை இழுக்கிறதாம். எழும்போதும் ஒருக்களித்து, கால்களைச் சேர்த்தே கீழே விட்டு, கையை ஊன்றி எழுகிறேன்.

பாலை இப்போது இரண்டு வாளியில் அரை அரையாகத்தான் சுமக்கிறேன். நடை கூடுகிறது, பரவாயில்லை. மல்லாந்து முழங்காலை மடக்கிப் பிட்டத்தைத் தூக்கி ஐந்து விநாடி நிறுத்துவதை 10 தடவை செய்கிறேன். ஆறு வாரத்தில் புரளும் வலி முக்கால்வாசி போய்விட்டது. பஸ் படி இன்னும் வலிக்கிறது.

மார்த்தாண்டம் தேனீ:
என் தம்பிக்கு 27 வயது. அடிபடவே இல்லை, நாலு மாதமாக வலி. ஒரு வாரம் இடம், ஒரு வாரம் வலம். விடிகாலை மூணு மணிக்கு எழுப்பிவிடும். காலையில் ஒரு மணி நேரம் விறைப்பு, வேலைக்குப் போனால் குறைகிறது. அவனும் தலையணை வைத்தால் போதுமா?

நாகர்கோவில் பிசியோ:
போதாது, அண்ணே. அது வேறு கதையாக இருக்கலாம். ஓய்வில் கூடி வேலையில் குறைவது அந்த மூட்டில் அழற்சி நோய் இருப்பதன் அடையாளமாக இருக்கக்கூடும். வாத நோய் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தப் பரிசோதனையோடு எஸ்ஐ மூட்டுக்கென்றே எம்ஆர்ஐ கேட்பார்கள், முதுகுக்கு எடுத்தது போதாமல் போகலாம். கண் சிவந்து வலித்திருக்கிறதா என்றும் அவனிடம் கேளுங்கள்.

மார்த்தாண்டம் தேனீ:
போன வருஷம் ஒரு கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் இருந்தான். சொட்டு மருந்து போட்டதோடு விட்டுவிட்டோம். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

நாகர்கோவில் பிசியோ:
இருக்கலாம். அதையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.