சங்க வரலாற்றை மேடையில் சொன்னபோது நடந்தது: உங்கள் அனுபவமும் எழுதுங்கள்

செம்பவாங் மருமகள்

மாமனார் இருந்த சங்கத்தின் ஆண்டு விருந்தில் நடந்தது, இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்கள் ஐம்பதுகளில் தொடங்கிய மரண சகாயச் சங்கம், பெயர் வேண்டாம். மாதம் ஒரு வெள்ளி சந்தா, வீட்டில் சாவு விழுந்தால் பணமும் வரும் தூக்க ஆளும் வரும், அந்த மாதிரிச் சங்கம்தான்.

இப்போதைய செயலாளர் இருபது நிமிடம் சங்க வரலாறு பேசினார். முன்பெல்லாம் தலைவர்கள் பெயரை வரிசையாக வாசிப்பார்கள், சோறு ஆறிவிடும். இவர் ஆரம்பம், சோதனை, திருப்பம், இன்று என்று பிரித்து வைத்திருந்தார், கேட்க நன்றாகவே இருந்தது. 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை 1971க்குள் விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தது, குடியுரிமை இல்லாதவர்கள் பலர் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கப்பல் ஏறினார்கள், சந்தா கொடுக்க ஆள் குறைந்துகொண்டே போனது, சாவு மட்டும் குறையவில்லை. இதைச் சொன்னபோது ஒருவரும் தட்டைத் தொடவில்லை.

அப்புறம் திருப்பம் என்று சொல்லி, எழுபதுகளில் சங்கத்துக்குச் சொந்த இடம் வாங்கிய படத்தைத் திரையில் போட்டார். மாலை, ரிப்பன், கத்தரிக்கோல். அப்போது மூன்றாவது மேசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்து, மைக் இல்லாமலே, “அது இல்ல தம்பி. தளத்துல வேலை செய்யாதவங்களையும் சேக்கலாம்னு கை தூக்குனாங்களே, அன்னைக்கே சங்கம் பொழச்சிருச்சு. இடம் பின்னாடிதான் வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு கை தூக்கல, ரெண்டு மாசம் யாரோடயும் பேசல” என்றார். செயலாளர் “நன்றி பாட்டி” என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

பாட்டி நின்றுகொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்தவர்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தார். சமூக மன்றத்தில் அதே உரையைச் செயலாளர் மறுபடி பேசப் போகிறார், திருத்தித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறார். திருப்பம் எது? இடமா, கை தூக்கியதா?

பழைய பேரேடு

பாட்டி சொன்னதுதான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். நான்கைந்து சங்கங்களுக்கு இந்த வேலை செய்து கொடுத்திருக்கிறேன், எல்லாவற்றிலும் இதே கதை. இடம் வாங்கியதற்குப் படம் இருக்கிறது, அதனால் அது திருப்பமாகிவிடுகிறது. கை தூக்கியதை யாரும் படம் எடுத்து வைக்கவில்லை.

நினைவை மட்டும் நம்பாதீர்கள், கட்டடத்தையும் நம்பாதீர்கள், சந்தாப் பேரேட்டை வாங்குங்கள். ஒவ்வோர் ஆண்டும் சந்தா மொத்தம் எவ்வளவு வந்தது என்று ஒரே தாளில் எழுதுங்கள். 1968க்குப் பிறகு இறங்கிக்கொண்டே வரும். இறக்கம் எந்த ஆண்டு நின்றது என்று பாருங்கள். அந்த ஆண்டுக்கு முந்தைய ஓரிரு ஆண்டுகளின் கூட்டக் குறிப்பு நோட்டை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். சங்கத்தைக் காப்பாற்றிய முடிவு பெரும்பாலும் அங்கே இருக்கும், அதுவும் ஒரே வரியில், தேநீர்ச் செலவுக்கும் தீபாவளி விருந்துக்கும் நடுவில். உறுப்பினர் தகுதி மாறியிருந்தால் சட்டவிதி திருத்தம் வேண்டும், அதற்குச் சங்கப் பதிவதிகாரியின் ஒப்புதல் வேண்டும், அந்தக் கடிதத்தில் தேதி இருக்கும். சந்தா ஏறத் தொடங்கியது இடம் வாங்குவதற்கு முன்பா, பின்பா? முன்பு என்றால் இடம் அதன் பலன், அவ்வளவுதான். அதை “இன்று” பகுதியின் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கை தூக்காதவரின் வாதத்தை முழுப் பலத்தோடு சொல்ல வேண்டும். அவர் பிடிவாதக்காரர் இல்லை. மரண சகாய நிதியில் புதிதாக வருகிறவர் வயதானவராக இருந்தால் நாலு மாதம் சந்தா கட்டிவிட்டுப் போய்ச் சேருவார், குடும்பம் முழுத் தொகையையும் கேட்கும், பதினைந்து ஆண்டு கட்டியவர்களின் பணம் அதில் கரையும். நியாயமான பயம். சபை ஒரு கணமாவது “அவர் சொல்வதும் சரிதானே” என்று நினைக்க வேண்டும், இல்லாவிட்டால் முடிவு எடுத்ததில் கனமே இருக்காது. அந்தப் பயத்துக்கு என்ன வழி செய்தார்கள் என்றும் நோட்டில் தேடுங்கள். வயது வரம்போ, சேர்ந்து இத்தனை மாதம் கழித்துத்தான் தொகை என்ற நிபந்தனையோ நிச்சயம் இருக்கும்.

நேரம் என்று பார்த்தால் ஆரம்பத்துக்கு மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். பதிவு செய்த தேதியில் தொடங்க வேண்டாம். யார் இறந்து, அடக்கம் செய்யக் காசில்லாமல் நின்றபோது இந்த யோசனை வந்தது? அங்கே தொடங்குங்கள். பாதி நேரம் சோதனைக்கு, நாலு நிமிடம் அந்த ஒரு கூட்டத்துக்கு, மீதி இன்றைக்கு.

தோ பாயோ ராஜ்

எனக்கு இதில் உடன்பாடில்லை. வரலாறு சினிமா இல்லை, இடைவேளைக்கு முன் ஒரு அடி, பின் ஒரு திருப்பம் என்று வெட்டி ஒட்ட. எங்கள் சங்கத்தின் உரையையும் இப்படித்தான் ஒருவர் “கதையாக” மாற்றினார். நெடுங்காலம் பொருளாளராக இருந்து ஒரு காசு பிசகாமல் கணக்கு வைத்திருந்த ஒருவரின் பெயரே வரவில்லை. கேட்டால் அவர் காலத்தில் ஒன்றும் நடக்கவில்லையாம். அவர் மகள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். உரை முடிந்ததும் பேரன் “தாத்தா எங்க?” என்று கேட்டது எனக்குக் கேட்டது. ஆண்டுவாரியாகச் சொல்லுங்கள், யாரும் விடுபட மாட்டார்கள்.

அதோடு, சிங்கப்பூரில் எந்தத் தமிழ்ச் சங்கத்துக்கும் சோதனை என்றால் ஜப்பானியர் ஆட்சிதான். சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களைச் சொல்லாமல் என்ன சோதனை?

பழைய பேரேடு

ராஜ், அந்தப் பேரன் கேட்டது நியாயம், ஆனால் குற்றம் வடிவத்தில் இல்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னார்களே, 1968 மாதிரி ஓர் அடி விழும்போது கையில் நிதி இருந்தது யாரால்? சோதனைப் பகுதி அவரில்தான் தொடங்க வேண்டும். இத்தனை ஆண்டு ஒருவர் சேர்த்து வைத்ததுதான் போகப் பார்த்தது என்று சபைக்குத் தெரியாவிட்டால் போனால் போகிறது என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பட்டியலில் அவர் பெயரை வாசித்தால் அந்தப் பேரனுக்கு இரண்டு நொடி கிடைக்கும்.

ஜப்பானியர் காலம் பற்றிச் சொன்னது பாதிதான் சரி. 1932இல் தொடங்கிய தமிழர் சீர்திருத்தச் சங்கம் மாதிரி போருக்கு முந்திய அமைப்பு என்றால் 1942 முதல் 1945 வரை அதன் சொந்தச் சோதனை. ஐம்பதுகளில் தொடங்கிய சங்கம் அப்போது பிறக்கவே இல்லை. உறுப்பினர்கள் பட்ட பாட்டை ஆரம்பத்தில் சொல்லலாம், அந்த அனுபவத்தால்தான் சாவுக்கென்று சங்கம் வேண்டும் என்று நினைத்தார்கள் என்பதற்குச் சான்று இருந்தால். சான்று இல்லாமல் ஒட்ட வைத்தால் அடுத்த சங்கத்து உரையும் இதுவும் ஒன்றாகிவிடும்.

புக்கிட் பாத்தோக் அம்மா

என் மகளுக்கும் பள்ளியில் இதே மாதிரி ஒரு படைப்பு கொடுத்தார்கள், அவள் குத்தகைக்காரர் சங்கம் பற்றி, மன்னிக்கவும், குடியிருப்பாளர் குழு பற்றிச் செய்தாள். நன்றாகப் பேசினாள், ஆனால் திரையில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது, பாவம் அழுதுவிட்டாள். அதனால் சொல்கிறேன், உரையை எப்படிப் பிரித்தாலும் சரி, கோப்பைப் பிடிஎஃப் ஆக மாற்றி எடுத்துப் போங்கள், சமூக மன்றத்துக் கணினியில் உங்கள் தமிழ் எழுத்துரு இருக்காது. நிமிடத்துக்கு ஒரு படத்துக்கு மேல் வேண்டாம், குழுப் படம் போட்டால் எல்லோரும் தங்கள் அப்பாவைத் தேடுவார்கள், பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள். குழுப் படங்களை அச்சடித்து வாசல் மேசையில் வைத்துவிடுங்கள், பக்கத்தில் ஒரு பேனா, பெயர் தெரிந்தவர்கள் எழுதட்டும். பேரேட்டைக் காட்டுவதாக இருந்தால் முழுப் பக்கத்தைப் போடாமல் அந்த ஒரு வரியைப் பெரிதாக்கிப் போடுங்கள். கடைசி வரிசை முதியவர்களுக்கும் தெரிய வேண்டும். விளக்கை முழுக்க அணைக்காதீர்கள், சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் தூங்கிவிடுவார்கள்.

கடையநல்லூர்ப் பேத்தி

படம் பற்றிய யோசனை நல்லதுதான், ஆனால் கேள்வி அது இல்லையே அம்மா.

என்னை உறுத்துவது வேறு. என் அத்தா உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். 1946இல் அந்தப் பள்ளியைக் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கியது, 1960இல் உயர்நிலை வகுப்புகள் வந்தன, பிறகு பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்ப, சேர்க்கை குறைந்து 1982இல் மூடப்பட்டது. இதை இந்த நாலு பகுதிக்குள் எப்படி வைப்பது? ஒரு சந்திப்பில் பேசியவர் மூடலைச் “சோதனை” என்று வைத்து, பழைய மாணவர்கள் இன்று நல்ல நிலையில் இருப்பதைத் “திருப்பம்” என்றார். கைதட்டினார்கள். அத்தா தட்டவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், “பள்ளிக்கூடம் மூடிப்போச்சு, அதச் சொல்ல வேண்டியதுதானே” என்றார்.

திருப்பம் என்றால் மேலே ஏறுவதாகத்தான் இருக்க வேண்டுமா? என் கணக்கில் அங்கே திருப்பம் 1982 இல்லை. ஆங்கிலம் படித்தால்தான் வேலை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தகப்பன் முடிவு செய்த அந்த ஆண்டுகள்தான். அதை எந்தத் தேதியில் நிறுத்துவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பேரேடு ஐயா சொல்கிற மாதிரி ஒரு கூட்டம், ஒரு வாக்கெடுப்பு எல்லாக் கதையிலும் கிடைக்காது.

பழைய பேரேடு

கிடைக்காது, உண்மை. அப்படி இருந்தால் ஒரே ஒரு வீட்டை எடுத்து அந்த முடிவைச் சொல்லலாம். உங்கள் அத்தாவின் தம்பி தங்கைகள் எந்தப் பள்ளிக்குப் போனார்கள்?

கடையநல்லூர்ப் பேத்தி

சின்னத்தா ஆங்கிலப் பள்ளிக்கு.

செம்பவாங் மருமகள்

நோட்டைப் பார்த்துவிட்டேன். பாட்டி சொன்னது அப்படியே இருக்கிறது. கூட்டக் குறிப்பில், “உறுப்பினர் தகுதி பற்றிய விதி பெரும்பான்மை வாக்கில் திருத்தப்பட்டது”, அவ்வளவுதான், எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்றுகூட இல்லை. பதிவதிகாரியின் கடிதம் தனிக் கோப்பில் கிடைத்தது. சந்தா இடம் வாங்குவதற்கு முன்பே ஏறத் தொடங்கியிருக்கிறது. வயது வரம்பும் போட்டிருக்கிறார்கள், ஐயா சொன்னது போலவே.

செயலாளர் ஒப்புக்கொண்டார், ரிப்பன் வெட்டும் படத்தைக் கடைசிப் பகுதிக்குத் தள்ளிவிட்டோம். இப்போது சிக்கல் வேறு. எதிர்த்தவரின் வாதத்தைப் பெயர் சொல்லாமல் சொல்லலாம் என்கிறார் செயலாளர். பாட்டியிடம் கேட்டேன், “பேரச் சொல்லு, அவரு ஒண்ணும் தப்பா பேசல, பின்னாடி வெளியாள் வீட்டுச் சாவுக்கும் மொத ஆளாப் போனாரு” என்கிறார். பாட்டியின் மகனோ அப்பாவைப் பல பேர் நடுவில் எதிரியாகக் காட்ட வேண்டாம் என்கிறார். சனிக்கிழமைக்குள் முடிவு செய்ய வேண்டும்.

தோ பாயோ ராஜ்

பெயர் வரட்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அந்தப் பத்தியை எழுதி முடித்துவிட்டு மேடைக்கு முன்பே மகனிடம் போய் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். முதல் ஆளாகப் போனார் என்ற வரி அதே பத்தியில் இருக்கட்டும், இரண்டு படம் தள்ளி வைத்தால் பலனில்லை. கேட்ட பிறகும் வேண்டாம் என்றால் பெயரை எடுத்துவிடுங்கள், வாதத்தை எடுக்க வேண்டாம்.