புதுப்பிப்பு: 10,000 குலுக்கலில் பூஜ்யம் வந்த நிரலில் பிழை இருந்தது

நான் கேட்டிருந்தது: “கனடாவின் லாட்டோ 6/49-ஐப் பைதானில் 10,000 முறை குலுக்கினேன், ஜாக்பாட் ஒன்றுகூட இல்லை. நிரல் சரிதானா?”

சரியில்லை. இந்த லாட்டரியில் 1 முதல் 49 வரை உள்ள எண்களில் ஆறு விழும். நானோ `range(49)` என்று எழுதியிருந்தேன். அது 0 முதல் 48 வரைதான் தரும். என் சீட்டில் 49 இருந்ததால் ஆறும் பொருந்த வழியே கிடையாது. ஜாக்பாட் வாய்ப்பு 1,39,83,816-இல் ஒன்று என்பதால் சரியான நிரலும் பெரும்பாலும் பூஜ்யம்தான் காட்டும். அதனால்தான் பிழை கண்ணில் படவில்லை.

மூன்று எண் பொருந்தியதைப் பார்க்கச் சொன்ன அண்ணாவுக்கு நன்றி. 177 அளவில் வர வேண்டியது, எனக்கு 93 தான் வந்திருந்தது. திருத்தியது இது:

```python
draw = set(random.sample(range(1, 50), 6))
hits[len(draw & ticket)] += 1
```

இப்போது மூன்று 171 முறை, நான்கு 11 முறை. ஐந்தும் ஆறும் இல்லை. வாரம் இரண்டு குலுக்கல் என்றால் இது கிட்டத்தட்ட 96 வருடம்!

ஒவ்வொரு முறையும் சீட்டை மாற்றச் சொன்ன தம்பிக்கு: மாற்றியும் ஓட்டினேன், வாய்ப்பு அதேதான். ஆனால் ஒரே சீட்டில் 49 மாட்டிக்கொண்டது போன்ற பிழையை அது மறைத்துவிடும்.

அப்பா எப்போதும் பிறந்தநாள் எண்களையே போடுகிறார் என்று ஒருவர் எழுதியிருந்தார். விழும் வாய்ப்பு மாறாது. விழுந்தால் எத்தனை பேரோடு பங்கு போட வேண்டும் என்பதை இந்த நிரலால் சொல்ல முடியாது. மற்றவர்கள் எந்த எண்களைப் போடுகிறார்கள் என்ற தரவு அதற்கு வேண்டும், யாரிடமாவது இருக்கிறதா?