பிந்துலு டிக்கெட்டும் திரும்பி வந்த கிளெய்மும்

குமரன் (சுங்கை சிப்புட்):
எங்க செம்பனை மில் பாய்லர் வேலைக்காக என்னை பிந்துலுவுக்கு அனுப்பினாங்க. டிக்கெட்டை ஒரு ஏஜெண்டு ஆப்புல, 28ஆம் தேதி, என் சொந்தக் கார்டுல வாங்கினேன். மொத்தம் 398 வெள்ளி. திரும்பி வந்து, போர்டிங் பாஸ், டிக்கெட் மெயில் எல்லாத்தையும் சேர்த்து அனுப்பினா, எச்கியூ அக்கவுண்ட்ஸ்ல நிராகரிச்சுட்டாங்க. 'இது பயண விவரம், இன்வாய்ஸ் இல்ல'ன்னு ஒரே வரி. டிக்கெட்டுல 386தான் இருக்கு, மீதி 12 எங்கேன்னு வேற கேள்வி. அது ஏஜெண்டோட சர்வீஸ் கட்டணம். விமான நிறுவனத்தைக் கேட்டா ஏஜெண்டைக் கேளுங்கறாங்க.

மாணிக்கம்:
தம்பி, ஜிஎஸ்டி நம்பர் இருக்குற பில்லா கேளு. கம்பெனி அந்த வரியைத் திருப்பி எடுத்துக்கும்.

சரோஜா (எஸ்டேட் ஆபீஸ் கிராணி):
மாணிக்கம் அண்ணே, ஜிஎஸ்டி 2018லயே போயிடுச்சு. இப்ப உள்நாட்டு விமானத்துக்கு சேவை வரி, 8 விழுக்காடு. அதைத் திருப்பி எடுக்க முடியாது, செலவோட செலவுதான். எச்கியூ கேக்குறது LHDN சரிபார்த்த இ-இன்வாய்ஸ். அதுல கியூஆர் கோடு இருக்கும், ஸ்கேன் பண்ணா MyInvois பக்கம் திறக்கணும். திறக்கலைன்னா அது வெறும் ரசீது.

குமரன், ஏஜெண்டு கிட்ட 398க்கும் கேளுங்க. அவங்க 12க்கு மட்டும்தான் தருவோம்னா, மிச்சம் 386ஐ யார் தரணும்னு எழுத்துல வாங்குங்க. வந்ததும் வாங்குபவரோட வரி நம்பர், அதான் TIN, இருக்குற இடத்தைப் பாருங்க. கம்பெனி TIN 'C'ல ஆரம்பிக்கும். `EI00000000010`னு இருந்தா ஐசி நம்பர்ல போட்டுட்டாங்கன்னு அர்த்தம். தப்புன்னா 72 மணி நேரத்துக்குள்ள ரத்து பண்ணச் சொல்லுங்க. அந்த நேரம் தாண்டிட்டா கிரெடிட் நோட் போட்டு, புதுசா எழுதணும், யாரும் லேசுல செய்ய மாட்டாங்க.

தேவி:
நான் சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போனேன், எனக்கும் இது கிடைக்குமா?

சரோஜா:
கல்யாணத்தை எந்த முதலாளி கிளெய்ம்ல ஏத்துவாரு, தேவி!

குமரன்:
அக்கா, ஏஜெண்டு பதில் போட்டாங்க. டிக்கெட் போன மாசம் வாங்கினதாம், அந்த மாசத்துக்குள்ளயே கேட்டிருக்கணுமாம். இப்ப என் பேருல மட்டும் தர்றாங்க. `EI00000000010`தான் இருக்கு. மொத்தம் 398, கியூஆர் திறக்குது.

சரோஜா:
அதையே அனுப்புங்க. தொழிலாளி பேருல இருந்தாலும், முதலாளிக்காக செலவு பண்ணதுக்கு ஆதாரம் இருந்தா LHDN ஏத்துக்குது. மேனேஜர் உங்களைப் போகச் சொன்ன மெயில், அங்க செஞ்ச வேலையோட ரிப்போர்ட், கார்டு ஸ்டேட்மெண்ட்ல 398 போன பதிவு, மூணும் கூட வைங்க. போர்டிங் பாஸையும் தூக்கிப் போடாதீங்க. எங்க ஆபீஸ்ல இப்படித்தான் பாஸ் ஆச்சு. உங்க எச்கியூ சொந்த ரூல் வச்சிருந்தா அது வேற கதை.

குமரன்:
மேனேஜர் வாயாலதான் சொன்னாரு, மெயில் இல்லையே... நாளைக்கு அவர்கிட்ட கெஞ்சிப் பாக்குறேன்.