வடகோளத் தடுப்பூசியா, தென்கோளத் தடுப்பூசியா?

ஈசூன் வாணி: இது மார்ச் மாதம். எங்கள் மருந்தகத்தில் வடகோளச் சளிக்காய்ச்சல் தடுப்பூசிதான் இருக்கிறது. தென்கோளத்துக்குரியது சில வாரங்களில் வரும் என்கிறார்கள். என் தந்தைக்கு எழுபது வயது. காத்திருக்கலாமா? ஏன் இப்படி இரண்டு?

தெம்பனிஸ் குமரன்: குளிர்நாட்டுக் கிருமிகள் வேறு, தெற்கே பரவும் கிருமிகள் வேறு, அதனால்தான் இரண்டு மருந்துகள். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே இருப்பதால் வடகோளத் தடுப்பூசியே நமக்குரியது.

பழைய ஆய்வகத்தான்: குமரன், முடிவு எடுக்கப்படும் மாதம் வேறு என்பதே பெரும்பாலான வேறுபாட்டுக்குக் காரணம். உலகச் சுகாதார நிறுவனம் கூட்டும் வல்லுநர் குழு வடகோளத்துக்காகப் பிப்ரவரியிலும் தென்கோளத்துக்காகச் செப்டம்பரிலும் கூடுகிறது. கோழிமுட்டையில் கிருமியை வளர்த்து மருந்தாக்கக் கிட்டத்தட்ட ஆறு மாதங்கள் பிடிப்பதால், ஒவ்வொரு கூட்டமும் வரப்போகும் குளிர்காலத்தை அரையாண்டு முன்கூட்டியே கணிக்க வேண்டியிருக்கிறது. கிருமியோ அரைக்கோள எல்லை பார்ப்பதில்லை. டிசம்பரில் லண்டனில் பரவியது ஜூனில் சிட்னியில் பரவலாம். நமக்கு ஆண்டின் நடுவிலும் ஆண்டிறுதியையொட்டியும் இரண்டு ஏற்றங்கள் வருவதால் இரண்டு மருந்துகளுமே இங்கு விற்பனைக்கு வருகின்றன.

பிடோக் சுபத்ரா: நான் நவம்பரில் வடகோளத் தடுப்பூசி போட்டுக்கொண்டேன்; ஜூனில் ஒரு வாரம் படுத்துவிட்டேன். தென்கோள மருந்து போட்டிருந்தால் தப்பித்திருப்பேன் அல்லவா?

பழைய ஆய்வகத்தான்: அம்மா, மூக்கில் மாதிரி எடுத்துச் சோதிக்காதவரை அது சளிக்காய்ச்சல் கிருமிதானா என்றே சொல்ல முடியாது. அப்படியே இருந்தாலும், ஏழு மாதங்களில் எதிர்ப்பாற்றல் குறைந்ததா, கிருமி மாறியதா என்று பிரித்துக் காண்பது கடினம்.

தெம்பனிஸ் குமரன்: அப்படியானால் 2018-ஆம் ஆண்டுத் தென்கோள மருந்தில் எச்3என்2 என்னும் சளிக்காய்ச்சல் கிருமி வகையில் சிங்கப்பூர்ப் பெயருடைய ரகம் சேர்க்கப்பட்டது ஏன்? அது நம் வட்டாரத்துக் கிருமி என்பதால்தானே? மேலும், ஆறு மாதம் முன்கூட்டித் தேர்வு செய்வது ஊகமே அன்றி அறிவியல் ஆகாது.

பழைய ஆய்வகத்தான்: நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் நீங்கள் சொல்லும் காரணம் பொருந்தாது. பெயரில் உள்ள ஊர், மாதிரி எடுக்கப்பட்ட இடத்தை மட்டுமே குறிக்கிறது. அது 2016-இல் இங்கே எடுக்கப்பட்டது. அதற்கு முன்பு ஹாங்காங்கில் 2014-இல் எடுத்த ரகம் மருந்தில் இருந்தது. ஒரு ரகம் இன்னும் பொருந்துகிறதா என்று பார்க்க, மெல்பர்ன், லண்டன் போன்ற மையங்களில் கீரியைப் போன்ற ஃபெரட் என்னும் விலங்குக்கு அந்த ரகத்தைத் தொற்றச் செய்து, அதன் இரத்தநீரைப் படிப்படியாக இருமடங்கு நீர்க்கச் செய்து, இப்போது பரவும் கிருமிகளை அது எவ்வளவு தூரம் தடுக்கிறது என்று அளப்பார்கள். தடுக்கும் திறன் எட்டு மடங்கு அல்லது அதற்கும் மேல் சரிந்தால், கிருமி நழுவிவிட்டது என்று ஐயம் எழும். தடுப்பூசி போட்டுக்கொண்ட மனிதர்களின் இரத்தநீரையும், மரபணு வரிசைகளையும் சேர்த்தே முடிவு செய்வார்கள். எனவே வெறும் ஊகம் என்பது சரியன்று, பிழையற்றது என்பதும் சரியன்று.

ஹாங்காங் ரகத்தில் சிக்கல் முட்டையிலேயே தொடங்கியது. முட்டையில் நன்கு வளர்வதற்காக அது தன் மேற்புரதத்தில் ஓரிடத்தை மாற்றிக்கொண்டது. அங்கே மனிதரிடம் பரவும் கிருமியைப் போர்த்தியிருந்த சர்க்கரை மூலக்கூறு இல்லாமல் போயிற்று. ஆகவே தேர்வு பொருத்தமாக இருந்தும், அந்த மருந்து உருவாக்கிய எதிர்ப்பொருள்கள் வெளியே பரவும் கிருமியைச் சரியாக அடையாளம் காணவில்லை. முட்டையில் வளர்ந்த சிங்கப்பூர் ரகம் இதில் ஓரளவு மேலாக நடந்துகொண்டது. 2017 செப்டம்பரில் தென்கோளத்துக்கு அதைத் தேர்ந்தார்கள். வடகோளத்தின் 2017-18 மருந்தோ, பிப்ரவரியில் முடிவான ஹாங்காங் ரகத்துடன்தான் அந்தக் குளிர்காலத்தைச் சந்தித்தது. அடுத்த பிப்ரவரியில் வடகோளப் பட்டியலும் சிங்கப்பூர் ரகத்துக்கு மாறியது.

தெம்பனிஸ் குமரன்: பெயர் விஷயத்தில் என் தவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முட்டைதான் தொல்லை என்றால், உயிரணுக்களில் வளர்க்கும் மருந்துக்கு உலகம் முழுவதும் ஏன் மாறவில்லை?

பழைய ஆய்வகத்தான்: அம்மருந்தும் இருக்கிறது, அண்மைய பட்டியல்களில் முட்டைக்கு ஒரு ரகமும் உயிரணுவுக்கு வேறொரு ரகமும் பரிந்துரைக்கப்படுவதுண்டு. ஆனால் பெரும்பாலான தொழிற்சாலைகள் முட்டையை நம்பியே கட்டப்பட்டவை.

ஈசூன் வாணி: ஐயா, என் தந்தைக்கு நான் என்ன சொல்வது?

பழைய ஆய்வகத்தான்: இரண்டு பட்டியல்களையும் மருந்தகத்தில் கேட்டு ஒப்பிடுங்கள், சில ஆண்டுகளில் அவை ஒன்றேயாகவும் இருக்கும். அப்படியானால் காத்திருப்பதில் பயனில்லை. எச்3என்2 மாறியிருந்தால், அவருடைய மருத்துவரும் ஒப்புக்கொண்டால், சில வாரம் பொறுக்கலாம் என்பது என் கருத்து.

பிடோக் சுபத்ரா: பேசாமல் ஆண்டுக்கு இருமுறை போட்டுக்கொண்டால் என்ன?

பழைய ஆய்வகத்தான்: முதியோருக்கு அது உதவும் என்று வாதிடுவோரும் உண்டு, அடிக்கடி போட்டால் உடலின் எதிர்வினை மங்கும் என்று தயங்குவோரும் உண்டு. நான் தயங்குபவர் பக்கம்.

தெம்பனிஸ் குமரன்: நான் மற்ற பக்கம்.